பார்சல் பாதி வழியில் நின்றுவிட்டதா? கூரியர் நிறுவனத்துக்கு எழுத வேண்டிய கடிதம்

*"சின்னாளப்பட்டியில் வீட்டிலிருந்தபடியே சுங்குடிச் சேலை விற்கிறேன். ஜூன் 3-ம் தேதி புனேயில் இருக்கும் ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுச் சேலைகளைக் கூரியரில் அனுப்பினேன். பில் 14,400 ரூபாய். கூரியர் கட்டணம் 380 ரூபாய். 4-ம் தேதி இரவு மதுரையிலிருந்து கிளம்பியதாகக் காட்டியது. இன்று 16-ம் தேதி. 'In Transit' என்பதைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. புக் பண்ணிய கடைக்காரர் 'வந்துரும்மா' என்கிறார். கஸ்டமர் கேரில் எப்போது கேட்டாலும் '48 மணி நேரம் பொறுங்கள்' என்கிறார்கள். வாடிக்கையாளர் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். எழுத்தில் புகார் கொடுத்தால் பலன் இருக்குமா? யாருக்கு, என்னவென்று எழுதுவது?"*

*ஒரு வாசகி, சின்னாளப்பட்டி*

அன்புள்ள சகோதரி,

பலன் இருக்கும். நாளைக்கே எழுதி அனுப்பிவிடுங்கள். ஆனால் "என் பார்சல் இன்னும் போய்ச் சேரவில்லை, உடனே கண்டுபிடித்துத் தரவும்" என்று மட்டும் எழுதினால், எதிர்முனையில் இருப்பவர் ட்ராக்கிங் எண்ணைத் தட்டுவார், நீங்கள் பார்த்த அதே வரியைப் பார்ப்பார், அதையே பதிலாக அனுப்பிவிடுவார். ஒரு கூரியர் நிறுவனத்தின் இழப்பீட்டுப் பிரிவில் இருந்து இப்படிப்பட்ட கடிதங்களை நெடுங்காலம் வாசித்தவன் நான். இப்போது நுகர்வோர் வழக்குகளில் ஆலோசனை சொல்கிறேன். அங்கே கற்றுக்கொண்டது இதுதான்: இத்தனை நாள் ஸ்கேன் ஆகாத பார்சல் எண்ணை வைத்துக் கிடைப்பதில்லை. யாராவது ஒரு ஆள் எழுந்து போய்க் கண்ணால் தேடினால்தான் கிடைக்கும். அந்த ஆளை எழுந்து போக வைப்பதும், எங்கே போய் எதைத் தேட வேண்டும் என்று அவருக்குச் சொல்வதும்தான் உங்கள் கடிதத்தின் வேலை.

முதலில் அந்த 'In Transit' என்ற வரிக்கு என்ன பொருள் என்று பார்ப்போம். நீங்கள் புக் செய்தபோது பெட்டியில் ஒட்டிய பார்கோடு ஸ்கேன் ஆகியிருக்கும். அங்கிருந்து திண்டுக்கல் கிளை, அப்புறம் பல ஊர்ப் பார்சல்களைப் பிரித்து அனுப்பும் மதுரை ஹப். மதுரையில் ஒரே திசைக்குப் போகிற சின்னப் பார்சல்களை எல்லாம் சேர்த்து ஒரு பெரிய பையில் போடுவார்கள். பையின் வாயை இறுக்கி, எண் பொறித்த பிளாஸ்டிக் சீல் மாட்டுவார்கள். அந்தப் பைக்குத் தனி எண் உண்டு. உள்ளே என்னென்ன பார்சல்கள் இருக்கின்றன என்ற பட்டியலும் உண்டு. அதை மேனிஃபெஸ்ட் என்பார்கள். சீல் மாட்டிய பிறகு லாரியில் ஏற்றும்போதும் இறக்கும்போதும் ஸ்கேன் ஆவது பை மட்டுமே. பை கிளம்பினால், பட்டியலில் இருக்கும் எல்லாப் பார்சலும் கிளம்பியதாகக் கணினி எழுதிக்கொள்ளும்.

ஆகவே 4-ம் தேதி இரவு மதுரையிலிருந்து கிளம்பியது பை. உங்கள் பெட்டி அதற்குள் இருந்ததா என்பதை யாரும் பார்த்து உறுதி செய்யவில்லை.

அடுத்த ஹப்பில் பையைப் பிரித்துக் கொட்டி ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்வார்கள். பட்டியலில் இருந்து பையில் இல்லாத பார்சலை 'ஷார்ட்' என்று குறிப்பார்கள். பட்டியலில் இல்லாமல் பையில் வந்தால் 'எக்ஸஸ்'. இந்தக் குறிப்பு வாடிக்கையாளர் பார்க்கும் பக்கத்தில் பெரும்பாலும் தெரியாது. நிறுவனத்தின் உள் பதிவில்தான் இருக்கும். உங்கள் பார்சலுக்கு அடுத்த ஊரில் எந்த ஸ்கேனும் விழவில்லை என்பதால் சில வாய்ப்புகள்தான் மிச்சம். பையே பிரிக்கப்படாமல் ஏதோ ஒரு ஹப்பின் மூலையில் கிடக்கலாம். உங்கள் பெட்டி பைக்குள் போகாமல் மதுரையிலேயே நின்றிருக்கலாம். அல்லது போகிற வழியில் லேபிள் கிழிந்து, யாருடையது என்று தெரியாத பெட்டியாக எங்கோ உட்கார்ந்திருக்கலாம். திருட்டும் நடக்கிறது, மறைப்பதற்கில்லை. வேறு ஊர்ப் பையில் தவறிப் போயிருந்தால், லேபிள் சரியாக இருக்கும்பட்சத்தில், அந்த ஊரில் பையைப் பிரித்ததுமே ஸ்கேன் விழுந்திருக்கும். சம்பந்தமில்லாத ஊர்ப் பெயர் ஒன்று உங்கள் திரையில் வந்திருக்கும். அப்படி வரவில்லை என்பதால் முதல் மூன்றில் ஒன்றாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

லேபிள் இழந்த பெட்டிகளுக்குப் பெரிய ஹப்புகளில் தனி இடம் உண்டு. 'ஓவர்கூட்ஸ்' என்பார்கள். கம்பி வலை அடித்த ஒரு தடுப்பு, உள்ளே இரும்பு ரேக். பழுப்பு அட்டைப் பெட்டிகளும் வெள்ளைக் கவர்களும் அடுக்கியிருக்கும். பாதி பிய்ந்த ஸ்டிக்கர்கள், மழையில் நனைந்து மை கரைந்த முகவரிகள். ஒவ்வொன்றின் மேலும் மார்க்கர் பேனாவால் வந்த தேதியும் எடையும் எழுதியிருக்கும். அந்த அறைக்குள் உங்கள் ஏர்வே பில் எண்ணை, அதாவது ட்ராக்கிங் எண்ணை, எடுத்துக்கொண்டு போகிறவர் எதையும் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் அங்கே இருக்கிற பெட்டிகளில் எண் இல்லை. "ஒன்றரை அடி நீளப் பழுப்புப் பெட்டி, சிவப்பு டேப், மூன்றே கால் கிலோ, உள்ளே எட்டுச் சுங்குடிச் சேலை, மேலே இருப்பது மஞ்சள்" என்ற குறிப்போடு போகிறவர் கண்டுபிடித்துவிடுவார். நான் பார்த்தவரை, திரும்பக் கிடைத்த லேபிள் இல்லாத பார்சல்களில் பெரும்பாலானவை இப்படித்தான் கிடைத்தன. அதனால் கடிதத்தில் எதைச் சுருக்கினாலும் இந்த அடையாளத்தைச் சுருக்காதீர்கள். பேக் செய்யும்போது படம் எடுத்திருந்தால் அதுவே போதும். எடுக்கவில்லை என்றால், அதே அளவு பெட்டி ஒன்றை அதே டேப்பால் ஒட்டிப் படம் எடுத்து, "இதே போன்றது" என்று எழுதி இணையுங்கள். எடை, புக்கிங் ரசீதில் இருக்கும்.

சரி, இப்போது கடிதம். நிறுவனத்தின் தலைமை அலுவலகம் பெரும்பாலும் வெளிமாநிலத்தில் இருக்கும் என்பதால், தெரிந்தவர் யாரையாவது வைத்து இதை ஆங்கிலத்தில் மாற்றி அனுப்புங்கள். திண்டுக்கல், மதுரை அலுவலகங்களுக்குப் போகும் நகல் தமிழிலேயே இருக்கட்டும். உங்கள் விவரங்களை வைத்தே எழுதியிருக்கிறேன். பெட்டியின் அளவு, நிறம், எடை ஆகியவற்றை நான் உத்தேசமாகப் போட்டிருக்கிறேன், உங்களுடையதை மாற்றிக்கொள்ளுங்கள்.

> பெறுநர்: குறைதீர் அதிகாரி, தலைமை அலுவலகம்
> நகல்: மதுரை ஹப் மேலாளர், திண்டுக்கல் கிளை மேலாளர், புக்கிங் ஏஜென்ட், சின்னாளப்பட்டி
> தேதி: ஜூன் 17
>
> பொருள்: ஏர்வே பில் எண் ………… – ஜூன் 4-க்குப் பிறகு ஸ்கேன் இல்லை – ஜூன் 20 மாலை 5 மணிக்குள் எழுத்தில் பதில் தேவை
>
> ஐயா,
>
> மேற்கண்ட பார்சலை ஜூன் 3 அன்று உங்கள் சின்னாளப்பட்டி ஏஜென்ட் மூலம் புனேவுக்கு (பின்கோடு …………) அனுப்பினேன். கட்டணம் ரூ.380. கடைசி ஸ்கேன் ஜூன் 4 இரவு, மதுரை ஹப். அதன் பிறகு 13 நாட்களாக எந்த ஸ்கேனும் இல்லை. ஏற்கெனவே பதிவான புகார் எண்கள்: …………, …………
>
> பார்சலின் அடையாளம்: பழுப்பு அட்டைப் பெட்டி, சுமார் 18 × 12 × 6 அங்குலம், நான்கு ஓரமும் சிவப்பு டேப், எடை 3.25 கிலோ. உள்ளே தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் எட்டுச் சுங்குடிப் பருத்திச் சேலைகள், மேலே இருப்பது மஞ்சள். பெட்டிக்குள் என் பில்லின் நகலும், என் கடைப் பெயர் அச்சிட்ட அட்டையும் உள்ளன. படங்கள் இணைப்பில்.
>
> ஜூன் 20 மாலை 5 மணிக்குள் கீழ்க்கண்டவற்றுக்கு எழுத்தில் பதில் வேண்டும்:
>
> 1. இந்தப் பார்சல் தனியாகக் கடைசியில் ஸ்கேன் ஆன இடம், தேதி, நேரம் என்ன?
> 2. அது எந்தப் பை எண்ணில் சேர்க்கப்பட்டது? அந்தப் பை எந்த ஹப்பில், எப்போது பிரிக்கப்பட்டது? பிரித்தபோது இந்தப் பார்சல் 'ஷார்ட்' என்று குறிக்கப்பட்டதா?
> 3. மதுரை ஹப்பிலும் பை பிரிக்கப்பட்ட ஹப்பிலும் ஓவர்கூட்ஸ் பகுதியில் மேற்கண்ட அடையாளத்தை வைத்துத் தேடினார்களா? தேடிய தேதியும் முடிவும் என்ன?
>
> ஜூன் 4 இரவு மதுரை ஹப்பின் சிசிடிவி பதிவையும், பை பிரிக்கப்பட்ட ஹப்பின் பதிவையும் அழியாமல் பாதுகாத்து வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.
>
> ஜூன் 27-க்குள் பார்சலைப் புனே முகவரியில் சேர்க்க வேண்டும், அல்லது என்னிடம் திருப்பித் தர வேண்டும். இரண்டும் இயலாவிட்டால், தொலைந்துவிட்டது என்று எழுத்தில் சான்று தந்து, பொருளின் மதிப்பு ரூ.14,400, கட்டணம் ரூ.380 ஆகியவற்றை வழங்க வேண்டும்.
>
> சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007, பிரிவு 16-ன்படி, பொருள் இழப்பு குறித்த எழுத்துப்பூர்வ அறிவிப்பாகவும் இக்கடிதத்தைக் கொள்ள வேண்டும்.
>
> இணைப்பு: புக்கிங் ரசீது, பில், பார்சல் படங்கள், ட்ராக்கிங் பக்கத்தின் படம்

இதில் திட்டு இல்லை, மிரட்டல் இல்லை, வாடிக்கையாளர் எவ்வளவு கோபமாக இருக்கிறார் என்ற விவரமும் இல்லை. உங்கள் மன வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் கடிதத்தை வாசிப்பவர் அதை இரண்டு ஹப்புகளுக்கு அனுப்பி வேலை வாங்க வேண்டும். அவர் அப்படியே ஃபார்வர்டு செய்யத் தக்கதாக இருந்தால்தான் அன்றைக்கே நகரும்.

அந்த மூன்று கேள்விகளும் ஒரு காரணத்தோடுதான் இருக்கின்றன. "தேடிக்கொண்டிருக்கிறோம்" என்று இவற்றுக்குப் பதில் சொல்ல முடியாது. பை எண்ணைச் சொல்ல வேண்டுமென்றால் மேனிஃபெஸ்டைத் திறந்தாக வேண்டும். திறந்தால் உள்ளே 'ஷார்ட்' என்ற குறிப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். இருந்தால், பெட்டி மதுரையை விட்டே போகவில்லை, அல்லது வழியில் பையிலிருந்து வெளியே வந்திருக்கிறது, அல்லது லேபிள் கிழிந்து ஸ்கேன் ஆகாமல் போயிருக்கிறது. பை பிரிக்கப்பட்டதாகவே பதிவு இல்லை என்றால், தேட வேண்டியது பையை. அது பெரிய பொருள், சீக்கிரம் கிடைத்துவிடும். உங்களுக்கு வருகிற பதிலையும் இப்படித்தான் எடை போட வேண்டும். பை எண்ணும் ஹப் பெயரும் இருந்தால் உண்மையிலேயே பார்த்திருக்கிறார்கள். "சம்பந்தப்பட்ட குழுவுக்கு அனுப்பியுள்ளோம்" என்று மட்டும் வந்தால் யாரும் இன்னும் எழுந்து போகவில்லை. அன்றே, அதே மின்னஞ்சல் சங்கிலியில், "கேள்வி 1, 2, 3-க்குப் பதில் வரவில்லை" என்று ஒரே வரியில் திருப்பி அனுப்புங்கள்.

அதே சங்கிலியில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒவ்வொரு முறை கஸ்டமர் கேருக்குப் போன் செய்யும்போதும் புதிய புகார் எண் ஒன்று தருவார்கள். பல இடங்களில் பழைய புகார் அத்துடன் மூடப்பட்டு, நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். 13 நாள் பழைய பிரச்சினை அவர்கள் திரையில் ஒரு நாள் பழையதாகத் தெரியும். இனிமேல் போன் வேண்டாம். அவர்களே கூப்பிட்டுப் பேசினால், பேசி முடித்ததும் "இன்று காலை உங்கள் அலுவலகத்திலிருந்து பேசியவர் இவ்வாறு சொன்னார்" என்று மின்னஞ்சலில் பதிந்துவிடுங்கள்.

கெடு இரண்டாக வைத்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஹப்பில் தேடிப் பதில் சொல்ல மூன்று நாள் தாராளமாகப் போதும். கண்டுபிடித்த பிறகு மதுரையிலிருந்து புனேவுக்குச் சாலை வழியே போய்ச் சேர இன்னும் சில நாள் வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்து "24 மணி நேரத்தில்" என்று எழுதினால் செய்ய முடியாது என்று அவர்களுக்கே தெரியும், படிக்காமல் ஒதுக்கிவிடுவார்கள். கெடுவைத் தேதியாகவும் மணியாகவும் எழுதுங்கள். "மூன்று வேலை நாட்களில்" என்றால் ஞாயிறு, உள்ளூர் விடுமுறை, கடிதம் கையில் கிடைத்த நாள் என்று ஆளாளுக்கு ஒரு கணக்குப் போடுவார்கள்.

அவசரத்துக்கு இன்னொரு காரணம் சிசிடிவி. பதிவுக் கருவியில் இடம் நிரம்பினால் பழையது தானாகவே அழிந்துபோகும். பல இடங்களில் சில வாரங்களுக்கு மேல் தங்காது. நீங்கள் ஜூலையில் கேட்டால் ஜூன் 4-ம் தேதி இரவு இருக்காது. பாதுகாத்து வைக்கும்படி இப்போதே எழுத்தில் கேட்டிருந்தால், பிறகு "பதிவு இல்லை" என்பது அவர்களுக்குச் சங்கடமான பதிலாகிவிடும்.

யாருக்கு அனுப்புவது என்று கேட்டீர்கள். புக் செய்த கடைக்காரர் பெரும்பாலும் கமிஷனுக்கு வேலை செய்யும் ஏஜென்ட்தான். அவருக்கு மதுரை ஹப்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. "வந்துரும்மா" என்பதைத் தவிர அவரிடம் வேறு பதிலும் இருக்காது. அவரிடம் ஒரு உதவி கேளுங்கள்: மதுரை ஹப்பின் மின்னஞ்சலும், பொறுப்பாளர் எண்ணும் அவரிடம் இருக்கும். தலைமை அலுவலகக் குறைதீர் அதிகாரியின் முகவரியை நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் மட்டும் பாருங்கள். மின்னஞ்சல் அனுப்பிய கையோடு, அதே கடிதத்தை அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு, தலைமை அலுவலகத்துக்கு ஸ்பீடு போஸ்டில் பெறுநர் கையெழுத்து அத்தாட்சியோடு அனுப்புங்கள். பின்னால் வழக்கு என்று வந்தால், "மின்னஞ்சல் வரவே இல்லை" என்ற பேச்சுக்கு இடம் இருக்காது.

கூகுளில் கஸ்டமர் கேர் எண்ணைத் தேடி அழைக்க வேண்டாம். பார்சல் நின்றுபோனவர்களைக் குறிவைத்தே போலி எண்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். "முகவரியை உறுதி செய்ய ஐந்து ரூபாய் கட்டுங்கள்" என்று லிங்க் அனுப்புவார்கள். அதைத் தொட்டால் கணக்கில் இருப்பது போய்விடும். சமூக ஊடகத்தில் ஏர்வே பில் எண்ணோடு புகார் போட்டாலும் இதே ஆட்கள்தான் முதலில் வந்து பேசுவார்கள். அப்படி ஏமாந்து பணம் போனால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

இப்போது பண விஷயம். புக்கிங் ரசீதை எடுத்துப் பாருங்கள். 'அறிவிக்கப்பட்ட மதிப்பு' என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது? பலரும் ஏஜென்ட் சொன்னபடி 500 அல்லது 1,000 ரூபாய் என்று போட்டுவிடுகிறார்கள். உங்களுடையதில் அப்படி இருந்தால் கடிதத்தில் மறைக்காதீர்கள். "ரசீதில் ஏஜென்ட் எழுதிய மதிப்பு இவ்வளவு, பில்லின்படி உண்மையான மதிப்பு ரூ.14,400" என்று இரண்டையும் எழுதி, பில்லையும் வாடிக்கையாளர் பணம் அனுப்பிய வங்கிப் பதிவையும் சேர்த்து வையுங்கள்.

பொருளுக்கு நிறுவனமே பொறுப்பேற்கும் 'கேரியர் ரிஸ்க்' என்று ரசீதில் கூடுதல் கட்டணம் கட்டியிருந்தாலோ, காப்பீடு எடுத்திருந்தாலோ உங்கள் நிலை பலமானது. இல்லை என்றால் ஒரு கசப்பான உண்மையைச் சொல்லியாக வேண்டும். 2007-ம் ஆண்டுச் சட்டம் கூரியர் நிறுவனங்களையும் பொதுச் சரக்குப் போக்குவரத்தாளர் என்ற வகையில் சேர்க்கிறது. அதன் கீழ் வந்த 2011-ம் ஆண்டு விதிகளின்படி, கூடுதல் ரிஸ்க் கட்டணம் கட்டாதவர்களுக்கு இழப்பீடு பொதுவாகக் கட்டணத்தின் பத்து மடங்கோடு நின்றுவிடும். அதுவும் அறிவித்த மதிப்பைத் தாண்டாது. உங்கள் கணக்கில் 3,800 ரூபாய். ரசீதின் பின்புறம் பொடி எழுத்தில் அதைவிடக் குறைவான தொகையும் இருக்கலாம். கையெழுத்துப் போட்ட ரசீதில் இருந்த வரம்பு செல்லும் என்று 1996-லேயே பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் வெளிநாட்டுக்கு அனுப்பிய ஆவணங்கள் போய்ச் சேராததற்கு 100 டாலர்தான் கிடைத்தது. மறுபக்கம், கையெழுத்தே வாங்காமல், படித்தும் காட்டாமல் பின்புறம் அச்சிட்ட வரம்பு வாடிக்கையாளரைக் கட்டுப்படுத்தாது என்று நுகர்வோர் ஆணையங்கள் முடிவு செய்ததும் உண்டு. ஆகவே உங்கள் ரசீதில் உங்கள் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் முழுத்தொகையைக் கேட்பதில் தவறில்லை. நிறுவனம் ஐயாயிரம், ஆறாயிரம் என்று சமரசத்துக்கு வந்தால், அதை எடுத்துக்கொள்வதா, ஆணையத்துக்குப் போவதா என்று முடிவு செய்ய இந்தக் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடிதத்தின் கடைசிப் பத்தியில் பிரிவு 16 எதற்கு என்றால், பொருள் இழப்புக்காக வழக்குப் போடுவதற்கு முன் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. அதுவும் புக் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள். உங்களுக்கு அது நவம்பர் 30. இதோ வரும், அதோ வரும் என்று நம்பி அந்த நாளைத் தாண்டவிட்டவர்கள், நியாயம் முழுக்கத் தங்கள் பக்கம் இருந்தும் வெறுங்கையோடு திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் நாளை அனுப்பும் கடிதத்திலேயே அது முடிந்துவிடுகிறது. ரசீதின் பின்புறம் அவர்களே போட்டிருக்கும் இழப்பீட்டுக் கெடுவையும் பாருங்கள். அது இன்னும் குறைவாக இருக்கலாம். சில நிறுவனங்களில் 30 நாள்.

ஜூன் 27 தாண்டியும் உருப்படியான பதில் இல்லை என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்யுங்கள். அது நீதிமன்றம் இல்லை. ஆனால் அங்கிருந்து போகும் புகார் நிறுவனத்தில் வேறு மேசைக்குப் போகிறது, பலருக்கு அங்கேயே முடிந்தும்விடுகிறது. முடியவில்லை என்றால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், மும்பைக்கோ டெல்லிக்கோ போக வேண்டியதில்லை. இந்த அளவு தொகைக்கு மனுக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. காலக்கெடு இரண்டு ஆண்டுகள். மனுவில் ஒன்றைத் தெளிவாக எழுதிவிடுங்கள்: இது நீங்களே நடத்தும் சுயதொழில், பிழைப்புக்காகச் செய்வது. எழுதாவிட்டால் "வணிக நோக்கத்துக்கு அனுப்பியது, இவர் நுகர்வோரே இல்லை" என்று எதிர்த்தரப்பு தொடங்கும்.

உங்கள் புனே வாடிக்கையாளருக்கும் இரண்டு வரி. அவர் கூரியரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. புக் செய்தவர் நீங்கள், அவர் உங்களிடம் வாங்கியவர். அவரிடம் "வரும்" என்று சொல்லாதீர்கள். கடிதத்தின் நகலை அனுப்பி, "27-ம் தேதி வரை பொறுங்கள், அதற்குள் வராவிட்டால் பணத்தையோ வேறு சேலைகளையோ அனுப்புகிறேன்" என்று அதே தேதியைச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் ஒரு தேதி கிடைத்தால் பொறுத்துக்கொள்வார்கள். அதற்கு முன்பே மாற்றுச் சேலைகளை அனுப்பிவிட்டு, பழைய பார்சலும் போய்ச் சேர்ந்தால், இரண்டில் ஒன்றைத் திரும்ப வாங்குவது தனி வேலையாகிவிடும்.

அவரிடம் இன்னொன்றும் சொல்லி வையுங்கள். இத்தனை நாள் அலைந்த பெட்டி திடீரென்று ஒரு நாள் வாசலில் வந்து நிற்கும். டெலிவரி ஆள் அவசரப்படுத்துவார். டேப் உங்கள் சிவப்பு டேப்தானா, வேறு டேப் மேலே ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வேறு டேப் இருந்தால், கையெழுத்திடும் இடத்தில் "பிரித்து ஒட்டிய நிலையில் பெறப்பட்டது" என்று எழுதிவிட்டு வாங்க வேண்டும். எழுத இடம் தராமல் கைபேசித் திரையில் கையெழுத்துக் கேட்டால், பெட்டியை நாலா பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, பிரிக்கும்போது வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுக்கட்டும், லேபிளும் எடையும் தெரிகிற மாதிரி. எட்டில் ஒன்று குறைந்தாலும் அன்றைக்கே அதே மின்னஞ்சல் சங்கிலியில் அந்த வீடியோவோடு எழுதுங்கள். எதுவும் எழுதாமல் வாங்கிவிட்டால், நல்ல நிலையில் சேர்த்துவிட்டதாகப் பதிவாகி, நீங்கள் திறந்த புகார் தானாகவே மூடப்பட்டுவிடும்.